தம்பி திறந்து வைத்த பாக்கெட்

என் தம்பி கப்பலில் இன்ஜின் ரூம் வேலை பார்த்தவன். அந்த மார்கழியில் லீவுக்கு வந்தபோது ஜப்பானிலிருந்து இரண்டு பாக்கெட் கொண்டு வந்தான். எள்ளு, கடல்பாசி, காய்ந்த மீன் எல்லாம் சேர்த்துப் பொடித்தது. சுடு சாதத்தில் தூவிக்கொள்ள வேண்டும். வந்த அன்றைக்கே ஒன்றைக் கிழித்து மகளுக்குத் தூவிக் கொடுத்தான். "காசிமேட்டுலயே மீன் வாசனை கெடைக்கும், இதுக்குப் போய் ஜப்பான் வரைக்கும் போனியாடா" என்று அக்காக்காரி நான் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே மேல் பகுதியை நாலு மடிப்பாக மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி வைத்தான்.

பொங்கலுக்குள் அவன் போய்விட்டான். மஞ்சள் காமாலை. கடலில் இத்தனை வருஷம் பத்திரமாகக் காத்த தெய்வம், வீட்டுக்கு வந்தவனை ஏன் கூப்பிட்டுக்கொண்டது என்று திருவொற்றியூர் அம்மன் முன்னால் நின்று பல வெள்ளிக்கிழமை கேட்டிருக்கிறேன். கேட்டதற்கு மன்னிப்பும் அங்கேயே கேட்டிருக்கிறேன்.

அதன்பின் தம்பி பெண்டாட்டியும் குழந்தையும் ராயபுரத்தில் எங்களோடுதான் இருந்தார்கள். அவன் கட்டி வைத்த பாக்கெட்டை அவள் சாமி அலமாரியில், அவன் போட்டோவுக்குப் பின்னால் வைத்தாள். பிரிக்காததை மூடி போட்ட தகர டப்பாவில் போட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். யாரும் தொடவில்லை.

முதல் தெவசம் நெருங்கியபோதுதான் அவள் மனதில் இருந்ததைச் சொன்னாள். பாக்கெட் பின்பக்கத்தில் 02.8.10 என்று அச்சடித்திருந்தது. இரண்டாம் தேதி, எட்டாம் மாதம், இரண்டாயிரத்துப் பத்து என்று அவள் படித்திருந்தாள். நானும் அப்படித்தான் படித்தேன். இங்கே மாத்திரை அட்டையிலும் பிஸ்கட்டிலும் நாம் தேதியைப் பார்த்துப் பழகிய வரிசை அதுதானே.

"இன்னும் ஏழு வருசம் தாங்கும் அண்ணி. வருசா வருசம் படையல்ல ஒரு சிட்டிகை வெச்சி, பாப்பாவுக்குக் குடுக்கப் போறேன். அவங்கப்பா கையால குடுத்த மாதிரி இருக்கும். அது பெரியவளாற வரைக்கும் வரும்ல."

நல்லது என்றேன். முதலில் அவன் பிரித்ததை வைக்க வேண்டும், அது தீர்ந்த பிறகே மற்றது என்பது அவள் கணக்கு. ஆனால் எடுத்துப் பார்த்தால் பாக்கெட்டுக்குள் கட்டி கட்டியாக இருப்பது விரலுக்குத் தெரிந்தது. படையலுக்கு வைப்பதை வீட்டார் எல்லோரும் சாப்பிட வேண்டும். கெட்ட பொருளைப் படைக்கக் கூடாது. யாரையாவது கேட்டுவிட்டு வருகிறேன், கிடைத்தால் புதிதாக ஒன்றும் வாங்கி வருகிறேன் என்று சொல்லி, இரண்டையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தண்டையார்பேட்டைக்கு பஸ் ஏறினேன்.

அங்கே கப்பல் சாமான் விற்கும் பாய் ஒருவர் இருந்தார். சோப்பு, பிஸ்கட், நூடுல்ஸ், காப்பித்தூள் என்று எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. கடை வைப்பதற்கு முன் ஜப்பான் கப்பலில் சமையல்கட்டு ஸ்டோரில் வேலை பார்த்தவர். இந்தப் பொடி தன்னிடம் இல்லை என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்தைப் பார்த்தார்.

"இன்னாமா இது, கெடு முடிஞ்சி பல மாசம் ஆவுது."

ரெண்டாயிரத்துப் பத்து வரைக்கும் இருக்கிறதே என்றேன்.

"ஜப்பான்காரன் வருசத்துலேர்ந்துதான் ஆரம்பிப்பான். வருசம், மாசம், தேதி. ரெண்டாயிரத்து ரெண்டு, ஆகஸ்ட்டு பத்து."

நான் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாருக்கு வேண்டும் இது என்று கேட்டார். தம்பி விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் ஸ்டூலை இழுத்து என் எதிரில் போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். தேதிக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்துக்கு ஷோமிகிகென் என்று பெயராம். ருசி நன்றாக இருப்பதற்கான கெடு அது. அதைத் தாண்டிய மறுநாளே பண்டம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஷோஹிகிகென் என்று இன்னொன்று உண்டு. ரெண்டுக்கும் கடைசி இரண்டு எழுத்து ஒன்றுதான், முதல் இரண்டும் வேறு. சமைத்த சோறு, பச்சை இறைச்சி மாதிரி சீக்கிரம் கெடும் பொருளுக்கு அதைப் போடுவார்களாம். அந்தத் தேதி தாண்டினால் வாயில் வைக்கக் கூடாது. நம் பாக்கெட்டில் இருப்பது முதலாவது.

"அப்போ சாப்பிடலாமா பாய்?"

பிரிக்காத பாக்கெட்டை வாங்கி அழுத்திப் பார்த்தார். காற்று உள்ளே போகவில்லை, வெயிலும் ஈரமும் படாமல் வைத்திருந்தால் வாசனை பார்த்துவிட்டுச் சாப்பிடலாம், ருசி கொஞ்சம் மட்டாக இருக்கும் என்றார். பிறகு ரப்பர் பேண்ட் போட்டதைக் கையில் எடுத்தார். அதைப் பிரிக்கவில்லை. அச்சில் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"கைஃபூகோ. தொறந்த பின்னாடின்னு அர்த்தம். தொறந்தா குளிர்ல வெச்சி சீக்கிரமா தின்னுடுன்னு எழுதிக்கீது. இந்தத் தேதியெல்லாம் தொறக்காத வரைக்கும்தாம்மா. தொறந்த அன்னிக்கே அது செல்லாது. கொழந்தைக்கு இத்தக் குடுத்துடாதீங்க."

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடியது. அவன் கைப்பட்டது எதுவோ அதைத்தான் எறியச் சொல்கிறார்கள். அவன் கைப்படாதது பிழைத்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து மறைக்காமல் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை தண்ணீருக்குள்ளேயே நின்றது.

"அப்போ பத்து வரைக்கும் இல்லியா அண்ணி?"

"இல்லம்மா."

"இன்னொண்ண தொறந்துட்டா, அதையும் வெச்சிக்க முடியாதுல்ல?"

முடியாது என்றேன். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜும் கிடையாது. பிரிக்காமலே வைத்துக்கொள்வதானால் வைத்துக்கொள், உன் இஷ்டம் என்றும் சொன்னேன். அரிசியை உலையில் போட்டாள்.

தெவசத்தன்று இலை போட்டு, அவனுக்குப் பிடித்த வஞ்சிரம் வறுவல், முட்டை, வடை எல்லாம் வைத்தோம். நான் கற்பூரம் ஏற்றப் போனபோது அவள் பொறு என்று கை காட்டிவிட்டு உள்ளே போனாள். தகர டப்பாவோடு வந்தாள். அவளே கத்தரிக்கோலால் நறுக்கி முகர்ந்து பார்த்தாள். எள்ளு வாசனை எனக்கே வந்தது. இலையில் இருந்த சாதத்தின் மேல் தூவினாள். சிட்டிகை இல்லை, கை நிறைய.

சாப்பிடும்போது குழந்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "அத்த, இது அப்பா சோறு" என்றது. கடல்பாசி மொறுமொறுப்பு போய் நமுத்துத்தான் இருந்தது. குழந்தைக்கு அது தெரியவில்லை.

சாயங்காலம் பழைய பாக்கெட்டை எடுத்துக்கொண்டு இருவரும் கடலோரம் போனோம். கருங்கல் மேல் உட்கார்ந்து அவள் ரப்பர் பேண்டைக் கழற்றப் பார்த்தாள். சாமி அலமாரி விளக்குச் சூட்டில் அது உருகி உறையோடு ஒட்டியிருந்தது, தொட்டதும் அறுந்தது. ஆனாலும் அவன் மடித்த நாலு மடிப்பும் பிரியவில்லை, அப்படியே நின்றது. அதை ஒவ்வொன்றாக நீவிப் பிரிக்க அவளுக்கு வெகு நேரம் ஆயிற்று. நான் அவசரப்படுத்தவில்லை. பொடியை அலையில் கொட்டினாள். காலிப் பாக்கெட்டைத் திரும்ப அதே மடிப்பில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

புதிதாகப் பிரித்ததை அந்த வாரமே தின்று தீர்த்தோம். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, தினமும் ராத்திரி அவளே போய் வாங்கி வருவாள். கடைசி நாள் அடியில் கொஞ்சம் எள்ளுதான் மிச்சம். அதைக் குழந்தை தட்டில் தட்டிவிட்டு, சாதத்தைப் பிசைந்து ஊட்டினாள். வாய் துடைத்துவிட்ட பிறகுதான் அழுதாள். அவன் போனதிலிருந்து அவள் சத்தம் போட்டு அழுது நான் கேட்டது அன்றைக்குத்தான். அம்மா தாயே, இந்த அழுகையையாவது தடுக்காதே என்று அலமாரிப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.