வெற்றிலையைத் திரும்பக் கேட்ட நாள்

ஒன்றரை வருடம் ஒரு பெண்ணின் எதிரே நின்று மரம் அறுக்கும் இரட்டைப்பிடி வாள் இழுத்தவன் நான். அவள் என்னைக் "கூட்டாளி" என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் பக்கம் நண்பனுக்கு அதுதான் சொல். அவள் வாயால் அதைக் கேட்டால் மனசு குளிரும். கூட்டாளி மட்டும்தானா என்று அடுத்த நொடியே எரியும்.

யுத்தத்தில் ஜப்பான்காரன் எங்கள் மலைக்கு வந்ததும் வெள்ளைக்காரத் துரைமார்கள் போய்விட்டார்கள். தேயிலைத் தொழிற்சாலை மட்டும் நிற்கவில்லை. இலையைக் காயவைக்கும் அடுப்புக்கு விறகு வேண்டும். ஆண்களில் பாதிப் பேரை ரோடு வேலைக்கு இழுத்துக்கொண்டு போனதால் காட்டில் மரம் அறுக்க ஆள் இல்லை. அவள் அப்பாவும் நானும் ஒரே வாளில் இருந்தோம். உருண்டு வந்த கட்டை ஒன்று அவர் காலை நசுக்கியது. மறுநாள் காலை அவர் பிடித்த பிடியை வந்து பிடித்தாள் மகள். கொழுந்து கிள்ளிய கை இதை என்ன செய்யப்போகிறது என்று நான் உள்ளுக்குள் சிரித்தேன். மத்தியானத்துக்குள் சிரிப்பு போய்விட்டது.

"இழு, தள்ளாத. நான் இழுக்கறப்ப நீ சும்மா விட்டுடணும்லா. அங்க நின்னு நீ தள்ளுனா தகடு வளைஞ்சு மாட்டிக்கும்," என்றாள். எனக்கு ஆறு வருடப் பழக்கம். அவளுக்கு அரை நாள். ஆனால் சொன்னது சரிதான். மரம் எப்போது சாயும் என்பதை வாளின் சத்தத்தை வைத்தே சொல்வாள். "தள்ளி நில்லு" என்பாள். நான் நகர்ந்து பத்து எண்ணுவதற்குள், மூன்று பேர் கட்டிப்பிடிக்க முடியாத மரம் மூடுபனியைக் கிழித்துக்கொண்டு கீழே போகும். மலையே ஒரு தரம் அதிரும். பனி விலகிய ஓட்டையில் கீழே தேயிலைச் சரிவு முழுக்கப் பச்சையாகத் தெரியும். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு வாய் பிளந்துவிடும். அவள் அதைப் பார்த்துச் சிரிப்பாள். நான் மரத்தைப் பார்த்தேனா அவளைப் பார்த்தேனா என்று கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

அவள் என்னிடம் சொல்லாத விஷயமே கிடையாது. அப்பாவின் கோபம், செத்துப்போன தம்பி, ஜப்பான்காரன் எங்கள் லயத்து வரிசை வீடுகள் பக்கம் வந்தால் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஒளிவது, எல்லாம் சொல்வாள். இவ்வளவையும் ஒருத்தி சும்மாவா சொல்வாள் என்று நான் கணக்குப் போட்டேன். அவித்த மரவள்ளியில் பாதியை எனக்கென்று இலையில் கட்டிக்கொண்டு வருவாள். அது அன்பின் அடையாளம் என்று ஒரு மாதம் மிதந்தேன். பிறகு பார்த்தால் பக்கத்து வீட்டுக் குருட்டுக் கிழவருக்கும் அதே அளவில் ஒரு பொட்டலம் போகிறது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. கிழவர் என்ன பாவம் செய்தார்?

என் பங்குக்கு நானும் செய்தேன். அவள் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தேன், கூரைத் தகரத்தை அடித்துக் கொடுத்தேன், அவள் அப்பாவை முதுகில் தூக்கிக்கொண்டு தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நட்புக்காகச் செய்ததாகத்தான் அவளும் நினைத்தாள், ஊரும் நினைத்தது. உண்மையில் ஒவ்வொன்றுக்கும் பதிலாக அவள் மனசில் ஓர் அடி உள்ளே போய்விட்டதாக நான் நினைத்துக்கொண்டேன். அவளுக்கே தெரியாமல் அவளோடு ஒரு பேரம் பேசிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து கேட்க மட்டும் பயம். கேட்டு இல்லை என்றுவிட்டால் காலையில் யார் எதிரே நிற்பது? கேட்காமல் இருந்தால் இருப்பதாவது இருக்கும். இப்படியே ஒன்றரை வருடம் ஓட்டினேன்.

அப்போதுதான் சயாம் பேச்சு வந்தது. சயாம் நாட்டில் ஜப்பானுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள், போனவர்கள் திரும்புவதில்லை, கல்யாணம் ஆகாதவனைத்தான் முதலில் எடுக்கிறார்கள் என்று லயம் முழுக்கக் கிசுகிசு. உடனே கல்யாணங்கள் நடக்கத் தொடங்கின. தங்கத்துக்கு எங்கே போவது? மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டித் தாலி கட்டினார்கள். ஒரே வாரத்தில் எங்கள் லயத்தில் மூன்று.

நான் துணிந்துவிட்டேன். ஆனால் எனக்கு வந்த துணிச்சலைப் பாருங்கள். அவளிடம் பேசவில்லை. தோட்டத்து ஆட்களுக்குத் தலைவரான கங்காணியிடம் போனேன். எனக்குத் தாய் தகப்பன் இல்லை, அதனால் எனக்காகப் பேச வேண்டியவர் அவர்தான். எங்களில் அதுதான் முறை. அவர் வெற்றிலை பாக்கு கொண்டுபோய் வைப்பார், பெண்ணின் தகப்பன் எடுத்துக்கொண்டால் பேச்சு முடிந்தது. இந்தக் குளிரில் வெற்றிலை வளராது, கீழேயிருந்துதான் வர வேண்டும். தானா ராத்தாவில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் என் கம்பளிச் சட்டையை வாங்கிக்கொண்டு பதினோரு வெற்றிலை கொடுத்தார். வரும் வழியெல்லாம் நடுங்கினேன், ஆனால் பறந்துகொண்டுதான் வந்தேன். அன்று சாயங்காலமே அவள் அப்பா வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காட்டில் அவள் வாளை எடுக்கவில்லை. வெட்டிய மரத்தின் மேல் உட்கார்ந்தாள்.

"நேத்து எங்க வீட்டுக்கு வெத்தல வந்துச்சு. ஒன்றரை வருசமா தெனம் என் மூஞ்சிக்கு நேரா நிக்கிற. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா ஒனக்கு?"

முறைப்படிதானே செய்தேன் என்று முனகினேன்.

"மொறை எங்கப்பாவுக்கு. எனக்கு?" கட்டையின் பட்டையை நகத்தால் உரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சரி, இதக் கேளு. நீ சயாமுக்குப் பயந்துதான் வெத்தல வச்சன்னா சொல்லு. நான் கட்டிக்கிறேன். ஒன்ன அங்க சாக விடமாட்டேன். ஆனா கூட்டாளியாத்தான் இருப்பேன். வேற எதையும் எங்கிட்ட எதிர்பாக்காத."

வாழ்க்கையில் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்துவிட்டேன். சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, கையெல்லாம் காய்த்துப்போய், ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்து தன் ஆயுளையே தூக்கி நீட்டிய அந்தப் பெண்ணுக்குச் சமமாக ஒருவரைப் பார்க்கவில்லை. ஆமாம், பயந்துதான் என்று ஒரு பொய் சொன்னால் போதும். தாலி கட்டலாம், சயாம் தப்பலாம், ஒரே கூரைக்குக் கீழே காத்திருக்கலாம், என்றைக்காவது மனசு மாறாதா என்று. அந்த ஆசை எவ்வளவு இனித்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் நாளும் பொழுதும் எதிர்பார்த்துக்கொண்டு ஒருத்தியின் பக்கத்தில் நான் படுத்திருப்பதா? அவளும் அதைத் தெரிந்துகொண்டே சோறு போடுவதா? ஒன்றரை வருடம் நான் செய்த திருட்டுப் பேரத்தைச் சாகும்வரை செய்யச் சொன்னது போல இருந்தது.

"பயந்து வைக்கல," என்றேன். "ஒன்மேல ஆச. தண்ணி தூக்கினது, கூர அடிச்சது எல்லாமே அந்த ஆசையிலதான். இப்ப சொல்றேன். நீ என்ன சொன்னாலும் சரி, அதோட நிறுத்திக்கிறேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "எனக்குத் தெரியும். ரொம்ப நாளாத் தெரியும். நீயா சொல்லாம நான் எப்பிடி வேணாம்னு சொல்றது? எனக்கு ஒன்மேல அது வரல, கூட்டாளி. வருமான்னு நானும் பாத்தேன். வரல."

"வேற யாராச்சும்…"

"யாரும் இல்ல. யாரும் இல்லாததால நீன்னு ஆயிடாது."

வலித்தது. மரம் விழுந்த மாதிரி என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பல்லைப் பிடுங்கிய மாதிரி இருந்தது. ஆனால் கூடவே ஒரு பெரிய ஆச்சரியம். இத்தனை நாள் நான் மட்டும்தான் ஒன்றைச் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவளும் அதையே மறுமுனையில் பிடித்துக்கொண்டு, கீழே போடாமல், என் மூஞ்சியும் கோணாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சிரித்துப் பேசினால் நான் ஆசைப்படுவேனோ என்று பயந்து, பேசாவிட்டால் நான் வாடுவேனே என்று பயந்து. அதை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை.

"இனிமே கொஞ்ச நாளைக்கு ஒன்கூட வாள் இழுக்க முடியாது. கோவமில்ல புள்ள. பக்கத்துலயே இருந்தா நான் நிறுத்த மாட்டேன்," என்றேன்.

அப்போதுதான் அவள் அழுதாள். எனக்காக அழவில்லை, தனக்காக அழுதாள். "எனக்கும் வேற யாரு இருக்கா இங்க பேச?" என்றாள். இழப்பு என்றால் என் இழப்புதான் என்று நினைத்தவனுக்கு அது தலையில் குட்டியது போலிருந்தது. இருந்தும் நான் முடிவை மாற்றவில்லை.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. வெற்றிலையைப் பெண் வீட்டார் திருப்பி அனுப்பினால் பெண்ணின் மேல் பேச்சு வரும். கொடுத்தவன் தானே போய்க் கேட்டால் கெட்ட பெயர் அவனுக்கு. அதனால் அன்று மாலையே, லயத்து ஜனம் குழாயடியில் கூடியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். அவள் அப்பா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கங்காணியும் அங்கேயே இருந்தார். எல்லார் காதிலும் விழும்படி, என் மனசு மாறிவிட்டது, வெற்றிலையைக் கொடுங்கள் என்றேன்.

"வெத்தல என்னா வெளையாட்டா ஒனக்கு? ஒரு குடும்பத்து மானத்த வாங்குறியேடா!" என்று கங்காணி கை ஓங்கிவிட்டார். "அடுத்த சயாம் லிஸ்ட்ல மொதப் பேரு ஒம்பேருதான், பாத்துக்க." அவள் அப்பாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. குழாயடியில் தண்ணீர் நிரம்பி வழிந்தது, யாரும் குடத்தை எடுக்கவில்லை.

அவள் உள்ளேயிருந்து வந்தாள். கையில் வெற்றிலைத் தட்டு.

"அவன் பொய் சொல்றான்ப்பா," என்றாள். "அவன் மனசு மாறல. நான்தான் வேணாம்னேன். எங்கிட்டக் கேட்டான், நான் வேணாம்னேன், சரின்னுட்டான். இதுல அவன்மேல ஒரு தப்பும் இல்ல. பேசுறதா இருந்தா என்னையப் பேசுங்க."

அந்தக் காலத்தில், அந்த லயத்தில், ஒரு பெண் அத்தனை பேர் நடுவில் நின்று வேண்டாம் என்று தன் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் கடைசி வார்த்தைவரை சொல்லி முடித்தாள். கங்காணி ஓங்கிய கை அப்படியே இறங்கியது. அவள் படியிறங்கி வந்து தட்டை என் கையில் கொடுத்தாள்.

எனக்கு மட்டும் கேட்கும்படி, "இப்பப் போ," என்றாள். "மனசு ஆறுனா வா. ஆறலைன்னா வராத. நீ வரலைன்னாலும் நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

மறுநாளே கீழே திரிங்காப் ஊர்ப் பக்கம் காய்கறித் தோட்டத்துக்கு மாற்றிக்கொண்டு போனேன். சயாம் பட்டியல் வந்தது. கங்காணி சொன்னபடி செய்யவில்லை, என் பெயர் இல்லை. பத்து மாதம் அவளைப் பார்க்கவில்லை. முதல் நான்கு மாதம் தினமும் நினைத்தேன். பிறகு ஒரு நாள் நினைக்க மறந்திருந்தேன். சாயங்காலம்தான் அது தெரிந்தது. அப்புறமும் ஆறு மாதம் பொறுத்தேன், என்னை எனக்கு நம்பிக்கை இல்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையேறிப் போனேன். அவள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து என் கண்ணை ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் தேடிய பழைய ஆசை அங்கே இல்லை என்று தெரிந்ததும், நகர்ந்து எனக்கு இடம் விட்டு, கீரையில் பாதியை என் முன்னால் தள்ளினாள்.