‘சேர்ந்து’ என்று எழுதிய மின்னஞ்சல்

மதுரையிலிருந்து மேலூர் போகும் நான்கு வழிச் சாலையில் இருந்த ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். திட்டமிடல் பிரிவில் இருந்ததால், திங்கட்கிழமைக் கூட்டத்தில் பேசியதைக் குறிப்பெடுத்து, முடிந்ததும் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்புவதும் என் வேலையாக இருந்தது. அது என் வேலை என்று யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. முதல் கூட்டத்துக்கு நோட்டும் பேனாவும் கொண்டுபோனவள் நான் ஒருத்திதான். அப்படி என் தலையில் விழுந்தது.

ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் எழுதினேன். எதை யார் செய்வார், எந்தத் தேதிக்குள் என்று பெயர் போட்டு அனுப்பினேன். இரண்டாவது வாரமே மனிதவள மேலாளர் என் மேசைக்கு வந்தார். மதுரை ஊருக்குள் மூன்று தலைமுறையாக இருக்கும் முஸ்லிம் குடும்பத்துக்காரர், மரியாதையான மனிதர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “என் பேரைப் போட்டு ஜி.எம்முக்கும் காப்பி அனுப்பிருக்கீங்களேம்மா, மாட்டி விடுற மாதிரில்ல இருக்கு” என்றார்.

எனக்குக் கூச்சமாகிவிட்டது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அடுத்த வாரத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டுப் பிரிவின் பெயரைப் போட்டேன். தேதிக்கு யாராவது முகம் சுளித்தால் ‘விரைவில்’ என்று எழுதினேன். யாருக்கும் மனம் நோகவில்லை. நல்லா எழுதுறீங்க என்றுகூடச் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில்தான் வேன் பிரச்சினை வந்தது. தையல் பகுதியில் பாதிப் பெண்கள் கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தார்கள். பதினெட்டுப் பேர் உட்காரும் வேன் ஒன்று மட்டும் அந்த வழியில் ஓடியது. முப்பது பேர் அதில் ஏறினார்கள். துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் இருந்த ஒரு பெண் கேன்டீனில் என் எதிரில் உட்கார்ந்து இதைச் சொன்னாள். அவளுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். அந்த லைனிலேயே வேகமான கை அவளுடையது. துணியின் ஓரத்தைப் பார்க்காமலே ஓட்டுவாள்.

“எங்க ஸ்டாப் கடைசி ஸ்டாப்புக்கா. வேன் வரும்போதே நெறஞ்சு வருது. கதவுல தொங்கிட்டுத்தான் வாரோம். மீட்டிங்ல ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றாள்.

திங்கட்கிழமை சொன்னேன். பொது மேலாளரான ஜி.எம். உடனே, இன்னொரு வேன் போட்டுவிடலாம் என்றார். மனிதவள மேலாளர், வேன் காண்டிராக்டரிடம் தான் பேசுவதாகச் சொன்னார். ஆனால் எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் பேச முடியும் என்றும் சொன்னார். அதை உற்பத்தி மேலாளர் கொடுப்பார் என்று யாரோ சொல்ல, வாடிப்பட்டிக்காரரான அந்த மேலாளர் செல்போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம்.

அன்று மாலை நான் அனுப்பிய மின்னஞ்சலில் அது ஐந்தாவது வரி. வழக்கம்போல ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். தமிழில் சொன்னால் இதுதான்: கொட்டாம்பட்டி வழிக்குக் கூடுதல் வேனை மனிதவளப் பிரிவும் உற்பத்திப் பிரிவும் சேர்ந்து விரைவில் ஏற்பாடு செய்யும்.

அனுப்பிவிட்டுத் தையல் பகுதிக்கே போய் அவளிடம் சொன்னேன். அடுத்த வாரம் வேன் வந்துவிடும் என்றேன். ‘அடுத்த வாரம்’ என்று கூட்டத்தில் யாரும் சொல்லவே இல்லை. என் சந்தோஷத்தில் நானாகச் சேர்த்துக்கொண்டது அது.

அடுத்த வாரம் வேன் வரவில்லை. கூட்டத்தில் கேட்டேன். நடந்துக்கிட்டிருக்கு என்றார் மனிதவள மேலாளர். அதற்கடுத்த வாரமும் கேட்டேன். அதே பதில். நானும் ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்று எழுதி அனுப்பினேன். கேன்டீனில் அவள் இருந்தால் வேறு மேசையில் போய் உட்கார ஆரம்பித்தேன். ஒருநாள் கை கழுவும் இடத்தில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டேன். அவள் கோபமாக ஒன்றும் கேட்கவில்லை. யாரக்கா பாக்குறாங்க இதை, என்று மட்டும் கேட்டாள். ஆபீஸ்ல பாக்குறாங்க என்றேன். சொல்லும்போதே எனக்கு எரிச்சலாக இருந்தது. யார் பார்க்கிறார் என்று எனக்கே தெரியாது.

நான்காவது வாரம் ஒரு மழை நாள். கடைசி ஸ்டாப்பில் வேன் நிற்காமலே போய்விட்டது. நிறுத்தினாலும் ஏற்ற இடமில்லை என்று டிரைவர் பிறகு சொன்னார். பதினொரு பெண்கள் அரை மணி நேரம் நனைந்து நின்று, தக்காளிக் கூடை ஏற்றி வந்த குட்டி லாரி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி வந்திருக்கிறார்கள். தொழிற்சாலை கேட்டுக்கு வரும்போது மணி ஒன்பது தாண்டிவிட்டது. ஒன்பதுக்கு மேல் வந்தவர்களை உள்ளே விடக் கூடாது என்பது விதி. செக்யூரிட்டி திருப்பி அனுப்பிவிட்டார். ஈரத் துணியோடு அந்தச் சாலையோரம் நின்றுவிட்டு அவர்கள் திரும்பிப் போனது, எனக்கு மதியச் சாப்பாட்டின்போதுதான் தெரிந்தது.

மறுநாள் அவர்களில் ஆறு பேர்தான் வந்தார்கள். ஓவர்லாக் பெண்ணும் இன்னும் நான்கு பேரும் வேலையை விட்டே நின்றுவிட்டார்கள். ஒரு லைனில் ஐந்து மெஷின் காலியானால் பின்னால் இருப்பவர்களுக்குத் துணி வராது. அந்த வார ஷிப்மென்ட் தள்ளிப்போனது. அப்போதுதான் ஜி.எம்முக்கு வேன் ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவர் என் பழைய மின்னஞ்சலைத் திரையில் போடச் சொன்னார். போட்டேன். ஐந்தாவது வரியை எல்லோரும் வாசித்தோம்.

“இதுல யாரு பொறுப்பு?” என்றார் ஜி.எம்.

மனிதவள மேலாளர், உற்பத்தியிலிருந்து ஸ்டாப் வாரியாகப் பட்டியல் வரும் என்று காத்திருந்ததாகச் சொன்னார். உற்பத்தி மேலாளர் திரையைக் காட்டினார். “பட்டியல் நான் குடுக்கணும்னு இதுல எங்கண்ணே இருக்கு? சேர்ந்துன்னு போட்டிருக்கு. நீங்க கூப்பிடுவீங்கன்னு நான் இருந்தேன்.”

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பட்டியல்தான் முதலில் வேண்டும் என்று கூட்டத்தில் பேசியது என் நோட்டில் இருந்தது. மின்னஞ்சலில் இல்லை. யாருக்கும் உறுத்தக் கூடாது என்று நான் வழித்துத் தேய்த்த வரி அது. நாலு வாரமாக இரண்டு பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். இருவர் அறைக்கும் இடையில் பத்தடி நடைபாதைதான். அவர்கள்மேல் வந்த கோபம் கொஞ்சம் என்றால், என்மேல் வந்தது மிச்சம் அம்புட்டும்.

யாரும் எழுந்திருக்க வேண்டாம், இப்போதே எழுதி வாசித்துவிடுகிறேன் என்றேன். திரையில் ஒரு அட்டவணை போட்டேன். என்ன முடிவு, யார், எந்தத் தேதி. வேன் என்று ஒரே வரியாக எழுதாமல் மூன்றாகப் பிரித்தேன். ஸ்டாப் வாரியாகப் பட்டியல், அதற்கு உற்பத்தி மேலாளரின் பெயர். காண்டிராக்டரிடம் பேசி ஒப்பந்தம் கொண்டுவருவது, அதற்கு மனிதவள மேலாளரின் பெயர். எந்த நாளிலிருந்து வேன் ஓடும் என்பது மூன்றாவது, அதற்கும் அவர் பெயரே.

மனிதவள மேலாளர், தன் பெயர் வேண்டாம், பிரிவைப் போடுங்கள் என்றார், பழைய அதே மெதுவான குரலில்.

“பிரிவுக்குப் போன் பண்ணா யாரு சார் எடுப்பாங்க?” என்றேன்.

சரி போடுங்க என்றார் அவர்.

பட்டியலுக்குப் புதன்கிழமை என்று நான் போட்டதும் உற்பத்தி மேலாளர், புதன் முடியாது, வியாழன் மாலை ஐந்து என்றார். அப்படியே மாற்றினேன். அவர் வாயால் சொன்ன நேரம் என்பதால் பிறகு மறுக்க மாட்டார் என்று தோன்றியது. தாமதமாக வருகிறவர்களைக் கேட்டில் திருப்பி அனுப்பும் விதியை மாற்றுவதா என்று நீளமாகப் பேசினார்கள், முடிவுக்கு வரவில்லை. அதை முடிவுகளோடு கலக்காமல், ‘முடிவாகாதது, அடுத்த திங்கள் பேச வேண்டும்’ என்று கீழே தனியாக எழுதினேன். நான் எழுதியதில் தவறு இருந்தால் நாளை மதியம் பன்னிரண்டுக்குள் எழுதுங்கள், இல்லையென்றால் இதுவே சரி என்று எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வரியும் சேர்த்து, அங்கேயே அனுப்பினேன்.

மறுநாள் காலை மனிதவள மேலாளரிடமிருந்து பதில் வந்தது. ஒப்பந்தத்தில் ஜி.எம். கையெழுத்து வேண்டும், அது அட்டவணையில் விட்டுப்போய்விட்டது என்று எழுதியிருந்தார். நியாயம்தான். ஜி.எம்மிடம் போய் எந்த நாளில் கையெழுத்தாகும் என்று கேட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை என்றார். அவர் பெயரையும் அந்தத் தேதியையும் சேர்த்து, திருத்திய மின்னஞ்சலை எல்லோருக்கும் அனுப்பினேன்.

பட்டியல் வியாழன் நாலே முக்காலுக்கு வந்தது. ஒப்பந்தம் அடுத்த திங்களன்று ஜி.எம். மேசைக்குப் போய்விட்டது. செவ்வாய் முடிந்தது. புதன் முடிந்தது. கையெழுத்து ஆகவில்லை. வியாழக்கிழமை காலை அதே மின்னஞ்சலை, கையெழுத்து வரிக்குப் பக்கத்தில் ‘தேதி கடந்தது’ என்று எழுதி, மறுபடி எல்லோருக்கும் அனுப்பினேன். அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் இரண்டு முறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

பத்து நிமிடத்தில் ஜி.எம். கூப்பிட்டார். “எனக்கே ரிமைண்டரா?”

நீங்க சொன்ன தேதிதான் சார், என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால், “அடுத்த வாரம் இன்னும் நாலு பேர் நின்னுருவாங்க சார்” என்றுதான் சொன்னேன். அவர் பேப்பரைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டு என் கையிலேயே கொடுத்தார். முகம் மட்டும் இரண்டு மாதம் சரியாகவில்லை. அந்த வருடம் என்னைப் பற்றி எழுதிய அறிக்கையில் ‘அனுசரித்துப் போகும் தன்மை குறைவு’ என்று இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கொதிக்கிறது.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து இரண்டாவது வேன் ஓடியது. நின்றுபோன ஐந்து பேருக்கும் நானே போன் பண்ணினேன். இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். ஓவர்லாக் பெண் மேலூரில் ஒரு ஜவுளிக் கடையில் சேர்ந்துவிட்டிருந்தாள்.

வேன் வந்துவிட்டது என்றதும், “நல்லதுக்கா, மத்தவங்களுக்காவது ஆச்சு” என்றாள். திரும்பி வருகிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். கடையில் நின்றுகொண்டே இருப்பதால் கால் வலிக்கிறதாம், ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து போகலாமாம்.

“அன்னைக்கே இன்னார்தான் பாக்குறாருன்னு நீங்க சொல்லியிருந்தா நானே போய் அவர்ட்ட கேட்டிருப்பேன்க்கா. ஆபீஸ்னா யார்ட்ட போய்க் கேக்குறது?”

கடையில் ஆள் வந்துவிட்டார்கள், வைக்கிறேன் என்று அவளே வைத்துவிட்டாள்.