ஸ்லைட்டில் இல்லாத பின்னேரம்

சுன்னாகத்தில் விவசாயப் போதனாசிரியர் பயிற்சிக்கு நான் வகுப்பெடுத்தபோது, என் ஸ்லைட்டுகளிலிருந்து பரீட்சைக் கேள்விகளையும் நானே தயாரித்தேன். ‘ஸ்லைட்டில் சொல்லப்பட்ட மூன்றாவது காரணம் எது?’ என்பது போன்றவற்றைத் தவிர்த்தேன். பின்னேரங்களில் வெங்காயத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் ஒருவரின் தோட்டத்தில் இலைப்புள்ளி நோய் பரவுகிறது, முதலில் எதை மாற்றச் சொல்வீர்கள் என்று கேட்டேன்.

ஒரு பெண் இப்படியான கேள்விகள் எல்லாவற்றையும் வெறுமையாக விட்டிருந்தாள். என் பாடத்தில் சித்தியடையாததால் அவளுக்கு நியமனம் இல்லை. பெறுபேறு வந்த அன்று என்னைத் தேடி வந்தாள்.

“சேர், உந்தக் கேள்வி எந்த ஸ்லைட்டில கிடக்கு?”

“அப்பிடியே ஒண்டிலையும் இல்லை. நோய் ஏன் பரவுது எண்ட ஸ்லைட் ஞாபகம் இருக்கோ?”

“ஓம் சேர். ‘இலையில் ஈரம் நீண்ட நேரம் நிற்பது பூஞ்சணம் பரவ ஏதுவாகும்.’” ஒரு சொல் பிசகவில்லை.

“அப்ப, பின்னேரம் தெளிச்சால்?”

இரவு முழுக்க இலை ஈரமாகவே இருக்கும் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன்.

“பின்னேரத்தைப் பற்றி அதில ஒண்டும் போடேல்லையே, சேர்.”

மற்றப் பாடங்களில் ஸ்லைட்டின் சொற்களைத்தான் கேட்டிருந்தார்கள். அவற்றில் அவளே முதலாவது. புள்ளிகள் ஏற்கெனவே கொழும்புக்குப் போய்விட்டன. கேள்வியில் பிழை இருந்திருந்தால் புள்ளியை மாற்றும்படி அங்கே எழுதிக் கேட்டிருக்கலாம். பிழை இருக்கவில்லை.