எதிர் ரயிலில் போகிறவள்

ஹஃபீசா பி.எஸ்சி. வேதியியல் முடித்த வருடம், படித்த கல்லூரியிலேயே எம்.எஸ்சி. இடமும், மறைமலைநகர் மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலையும் ஒரே வாரத்தில் வந்தன. அத்தா அமீருதீன் நழுவிவிட்டார்.

"நீயே முடிவு பண்ணும்மா. நாளைக்கு அத்தாதான் கெடுத்தாருன்னு பேச்சு வரக்கூடாது."

பழி போடக்கூட ஆளில்லாமல் அவளே வேலையைத் தேர்ந்தெடுத்தாள்.

வேலைக்குக் கிளம்பிய முதல் நாள், தாம்பரம் ஸ்டேஷனில் மூன்று வருடப் பழக்கத்தில் கால்கள் கல்லூரிக்குப் போகும் கடற்கரை ரயிலில் ஏறிவிட்டன. சானடோரியம் வந்தபோதுதான் உறைத்தது. பதறி இறங்கினாள். ஆனால் பாதி ஹஃபீசாதான் இறங்கினாள் போலிருக்கிறது.

அன்றிலிருந்து செங்கல்பட்டு ரயிலுக்காக நிற்கும்போதெல்லாம், எதிரே புறப்படும் கடற்கரை ரயிலின் பெண்கள் பெட்டியில், ஜன்னலோரமாக அவள் உட்கார்ந்திருப்பாள். மடியில் மடித்த வெள்ளைக் கோட்டு, இதே முகம். இறங்காமல் படிக்கப் போனவள்; இந்நேரம் எம்.எஸ்சி. முடித்து பிஎச்.டி.யில் இருப்பாள். ஐந்து வருடமாக ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. திமிர் பிடித்தவள்.

"ஆராய்ச்சிப் பிரிவுக்கு எம்.எஸ்சி. கேக்குறாங்களேம்மா" என்று மேனேஜர் கையை விரித்த மறுநாள், ஹஃபீசா ஆத்திரத்தோடு அந்த ஜன்னலை முறைத்தாள்.

ஜன்னலோரம் இருந்தவள் நிமிர்ந்தாள். ஹஃபீசாவின் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையையே, ரயில் மறையும்வரை, ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு போனாள்.