நான் கொடுக்காத அட்வான்ஸ்

போன சனிக்கிழமை டோல்கேட் பக்கத்து டெய்லர் பாஸ்கரிடம் என் இரண்டு சட்டைகளை வாங்கப் போனேன். நோட்டைப் புரட்டினார். "கூலி ஆயிரத்து நூறு சார். அட்வான்ஸ் எண்ணூறு போக, முந்நூறு."

அட்வான்ஸா... நான் கொடுத்தேனா? ஞாபகமே இல்லை. மனைவி கொடுத்திருப்பாளோ? எதற்கு வம்பு என்று முந்நூறை நீட்டினேன்.

அப்போது காசிமேட்டில் மீன் விற்கும் கலா அக்கா வந்தார். நாலு பிளவுஸ், கூலி ஆயிரத்து அறுநூறு. மறுநாள் மகளுக்கு நிச்சயதார்த்தம். கையில் எண்ணூறுதான்.

"மீதி எண்ணூறு?" என்றார் பாஸ்கர்.

"இன்னா நைனா, துணி குடுத்த அன்னிக்கே போன்ல போட்டேனே!"

"நோட்ல அட்வான்ஸ் இல்லியே யக்கா. முழுசா குடுத்துட்டு எடுத்துக்க."

"அப்போ நான் பொய் சொல்றேனா?" அக்காவின் கண் கலங்கிவிட்டது. எனக்கே சங்கடமாக இருந்தது.

அக்கா துணி கொடுத்தது செவ்வாய்க்கிழமை. பாஸ்கர் போனில் அன்றைய வரவை எடுத்தார். ஐந்நூறு, முந்நூறு, எண்ணூறு, நானூற்றைம்பது... ஒவ்வொன்றையும் நோட்டில் தேடி பென்சிலால் டிக் அடித்தார். நாலுக்கும் நாலு பில் இருந்தது. எதுவும் மிச்சமில்லை! பணம் போட்டதாகச் சொல்கிறவர் எதிரே நிற்கிறார், பணத்தைக் காணோம். அப்புறம் எங்கேதான் போனது?

"ஒரே ஒரு எண்ணூறுதான் வந்துகீது யக்கா. அது செல்வகுமார்... இந்த சார் பேரு."

நான் என் போனைத் திறந்தேன். அன்றைக்கு நான் அனுப்பியது பால்காரருக்கும் ரீசார்ஜுக்கும் மட்டும்தான். மனைவி அனுப்பியிருந்தால் அவள் பெயரல்லவா வந்திருக்கும்?

"எனக்கு ஏது நைனா அந்த ஆப்பு? ஆட்டோக்கார செல்வகுமார்கிட்ட காசா குடுத்தேன். அவன்தான் உன் அட்டைய ஸ்கேன் பண்ணான்!" என்றார் அக்கா.

அக்கா அவருக்குப் போன் போட்டார். ஆட்டோக்காரர் அன்றைய ரசீதை பாஸ்கருக்கு அனுப்பினார். ரசீதில் இருந்த பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை நம்பரை ஒவ்வொன்றாகப் படித்து, தன் போனில் இருந்ததோடு ஒப்பிட்டார் பாஸ்கர். அதே நம்பர். அதே எண்ணூறு.

நடந்தது இதுதான். பாஸ்கர் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது பணம் வந்தால், கடை ஸ்பீக்கர் தொகையை மட்டும் கத்தும். யார் போட்டது என்று சொல்லாது. பாஸ்கர் சாயங்காலம் போனில் பெயரைப் பார்த்து நோட்டில் அட்வான்ஸை ஏற்றுவார். அதே செவ்வாய்க்கிழமைதான் நானும் துணி கொடுத்திருந்தேன். செல்வகுமார் என்றதும் என் பில்லில் ஏற்றிவிட்டார்.

பாஸ்கர் அந்த எண்ணூறை என் பில்லில் அடித்துவிட்டு அக்கா பில்லில் எழுதினார். "தப்பு என்னுதுதான் யக்கா, மன்னிச்சுக்க." அக்கா எண்ணூறைக் கொடுத்து பிளவுஸ்களை வாங்கிக்கொண்டார்.

பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார். "ஏன் சார், நீ குடுக்கலன்னு உனக்குத் தெரியாதா?"

"குழப்பமா இருந்துச்சும்மா..." என்று இழுத்தபடி மீதி எண்ணூறை எடுத்து வைத்தேன்.

பாஸ்கர் எண்ணூறு ரூபாய் கூடுதலாகக் கேட்டிருந்தால், எனக்கு அந்தக் குழப்பம் வந்திருக்குமா என்ன?