மச்சான் பேரில் துடித்த நெஞ்சு

எங்கள் கன்டெய்னர் யார்டில் "மாடி" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது ஒரே ஆள். பத்து மாடி உயரத்துக் கிரேன் கேபினில் உட்கார்ந்து, காலடிக் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தபடி இருபத்திரண்டு வருஷம் பெட்டி தூக்கியவர். கழுத்து போனது, முதுகு போனது, கை மட்டும் நடுங்கவில்லை. நான் கீழே நின்று வாக்கி டாக்கியில் அவருக்கு வழி சொல்கிறவன். அவர் இருமினால்கூட எனக்கு முதலில் தெரியும்.

அவருடைய தங்கையைக் கட்டியவர்தான் குதிரை. கப்பலில் பெட்டிகளைக் கம்பி போட்டு இறுக்கும் வேலை. நிற்கவே தெரியாத மனுஷன் என்பதால் அந்தப் பெயர். மாடி நிரந்தர ஊழியர், குதிரை காண்ட்ராக்ட். இந்த வித்தியாசத்தில்தான் எல்லாம் நாசமாய்ப் போனது.

போன வருஷம் கம்பெனிக்கு எங்கள் ஆரோக்கியத்தின் மேல் திடீர்ப் பாசம் பொங்கியது. நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும் ஆளுக்கொரு வாட்ச். தினமும் ஏழாயிரம் அடி நடக்க வேண்டும், ஒழுங்காகத் தூங்க வேண்டும். தவறினால் விடுமுறை நாளில் வந்து உணவு வகுப்பில் உட்கார வேண்டும். கேபினில் எட்டு மணி நேரம் அசையாமல் இருக்கிற மனுஷன் எங்கே போய் நடப்பது? இரண்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தவர், மூன்றாவது வாரம் வாட்ச்சைக் கழற்றிக் குதிரையின் கையில் மாட்டிவிட்டார்.

"மாப்ள, கழட்டாத. தூக்கத்துக்கும் மார்க் உண்டு. எனக்கும் சேத்து நீயே தூங்கிரு."

"நடக்கிறதும் நான், தூங்குறதும் நான். உங்களுக்கு எதுக்கு மச்சான் உடம்பு?" என்றார் குதிரை. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஷிஃப்ட் மாறும்போது ஓய்வறையில் இருவரும் பக்கத்தில் உட்காருவார்கள். குதிரையின் கையிலிருக்கும் வாட்ச், மாடியின் போனைக் கண்டுகொண்டு ஒரு நாள் சரக்கை அதில் இறக்கிவிடும். அங்கிருந்து அது எங்கே போகிறது என்று எங்களில் ஒருத்தனும் யோசிக்கவில்லை. மாடி யார்டிலேயே அதிகம் நடக்கிற ஆளாகிவிட்டார்.

ஐந்தாவது வாரம் அவருடைய போனில் ஒரு செய்தி: உங்கள் நாடித்துடிப்பு சீராக இல்லை, மருத்துவரைப் பாருங்கள். மாடி அதைக் குதிரையிடம் காட்டினார்.

"உனக்கு நெஞ்சு துள்ளுதாம்."

"கம்பி இறுக்குறவன் கையில கட்டினா வாட்ச்சே துள்ளும்" என்றார் குதிரை.

நானும் சிரித்தேன். அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு மூன்று முறை அதே செய்தி வந்தது. மாடி விரலால் தள்ளிவிட்டார்.

பிறகு மனிதவளப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் இதயத்துடிப்பு குறித்து எச்சரிக்கை வந்திருக்கிறது, மருத்துவப் பரிசோதனை முடியும்வரை கிரேனில் ஏறக்கூடாது. வாட்ச் வாங்கிய அன்று படிக்காமல் சம்மதம் தந்த பக்கத்தில் அது இருந்ததாம். அபாய வேலை செய்கிறவர்களின் எச்சரிக்கைகளை, ஆரோக்கியத் திட்டத்தை நடத்தும் நிறுவனம் முதலாளிக்குத் தெரிவிக்கலாம்.

மாடிக்கு உயிர் போய் உயிர் வந்தது. உண்மையைச் சொன்னால் ஏமாற்றியதற்கு அவருக்கு சஸ்பென்ஷன், குதிரையின் கேட் பாஸ் அன்றைக்கே ரத்து. தங்கை வீட்டு அடுப்பில் கை வைக்க அவருக்கு மனம் வரவில்லை. வாட்ச்சைத் திரும்ப வாங்கி அதிலிருந்ததை அழித்தார். போனிலிருந்து ஆப்பையும் எடுத்தார். எல்லாம் போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தவரை நான்தான் வாட்ச் சர்வீஸ் கவுன்ட்டருக்கு இழுத்துப்போனேன். நான் சும்மா இருந்திருக்கலாம்.

கவுன்ட்டரில் இருந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்.

"ஆப்பை எடுத்தா போன்ல இருக்கிறதுதான் சார் போகும். வாட்ச்சை ரீசெட் பண்ணா வாட்ச்ல இருக்கிறது போகும். ஏற்கெனவே கிளவுட்டுக்குப் போனது, உங்க அக்கவுன்ட்ல அப்படியே இருக்கும்."

தன் கம்ப்யூட்டரில் மாடியையே உள்ளே நுழையச் செய்து காட்டினார். வயது, எடை, நாடி, தூங்கிய நேரம், விழித்த நேரம், நடந்த அடி, நடைப்பயிற்சி என்று அமுக்கிய நாட்களில் நடந்த வழி வரைபடத்தோடு. குதிரை இடது பக்கம் புரண்டதைத் தவிர எல்லாம் இருந்தது.

"முழுசா அழிக்கணும்மா" என்றார் மாடி.

"தனியுரிமைப் பகுதியில போய் அக்கவுன்ட்டையே நீக்கணும். ஏழு நாளுக்குள்ள மனசு மாறினா நிறுத்தலாம். அப்புறம் யாராலயும் திருப்பித் தர முடியாது. அழிக்கிறதுக்கு முன்னாடி உங்க டேட்டாவை ஒரு காப்பி இறக்கி வச்சுக்கிறீங்களா?"

"வேணாம். அது என் கண்ணுலயே படக்கூடாது."

"இன்னொண்ணு. உங்க கம்பெனித் திட்டத்தோட இணைப்பையும் துண்டிக்கிறேன். ஆனா இனிமே போறதுதான் நிக்கும். அவங்ககிட்ட ஏற்கெனவே போனதை அழிக்கச் சொல்லி அவங்களுக்குத் தனியா எழுதணும்."

எழுதினார். பாதுகாப்பு தொடர்பான எச்சரிக்கைக் குறிப்புகளை ஒப்பந்தப்படி வைத்திருக்க வேண்டும், அழிக்க இயலாது என்று பதில் வந்தது. அழியவேண்டியது அங்கே பத்திரமாக இருந்தது.

அக்கவுன்ட்டை நீக்கிய ஒன்பதாவது நாள், கப்பல் தளத்தில் கம்பியைப் பிடித்தபடியே குதிரை சரிந்தார். வலப் பக்கம் விழுந்துவிட்டது, வாய் கோணிவிட்டது. பக்கவாதம் என்றார்கள்.

மருத்துவமனையில் டாக்டர் எங்களைக் கேட்டார்.

"இதயத்துடிப்பு தாறுமாறா அடிச்சா உள்ள ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போகலாம். இப்ப எடுத்த ஈசிஜில சீராத்தான் இருக்கு. ஆனா வந்து வந்து போற வகைன்னா ஒரு ஈசிஜில மாட்டாது. முன்னாடி எப்பவாவது அப்படி ஏதாச்சும் பதிவாகியிருக்கா?"

"அவருக்குத் தலைவலிகூட வந்ததில்ல டாக்டர்" என்றார் தங்கை.

பதிவைக் கையோடு கொண்டுவந்துவிடலாம் என்று மாடி வெளியே ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். கவுன்ட்டர் அம்மா திரையைப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையை ஆட்டினார். ஏழு நாள் கெடு முடிந்து இரண்டு நாள் தாண்டிவிட்டது. அத்தனை வாரத் துடிப்பு, ஒன்றுகூட இல்லை.

மிச்சமிருந்தது அந்த ஆரோக்கிய நிறுவனம். அவர்களிடமிருந்து ஒரு பக்கம் வாங்க மூன்று நாள் பிடித்தது. அதற்குள் மருத்துவமனையில் குதிரையின் நெஞ்சில் ஒட்டியிருந்த கருவி தானாகவே அந்தத் தாறுமாறைப் பிடித்துவிட்டிருந்தது. பிடித்த அன்று மாலையே இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது. மறுநாள் காலையில் குதிரை போய்விட்டார்.

தாள் கைக்கு வந்தபோது அதை வாங்கிக்கொள்ள நோயாளி இல்லை. மாடி அதை டாக்டரிடமே நீட்டினார். நான்கு தேதிகள், நான்கு எச்சரிக்கைகள்.

"இதுல உங்க பேர்தானே இருக்கு?"

"என் பேர்தான் டாக்டர். நெஞ்சு அவனோடது." எல்லாவற்றையும் சொன்னார். குரல் உடைந்து, மூக்கு ஒழுக, ஒன்றுவிடாமல்.

டாக்டர் முதல் தேதியிலேயே விரலை வைத்திருந்தார். "இந்தத் தேதியிலயே வந்திருந்தா பரிசோதிச்சு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஆரம்பிச்சிருப்போம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

கம்பெனிப் பரிசோதனையில் மாடியின் இதயம் இரும்பு மாதிரி இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். மேலே ஏறலாம் என்று உத்தரவும் வந்தது. ஏணியடிவரை போனார், கையை வைத்தார், திரும்பி வந்து ஓய்வறையில் உட்கார்ந்துகொண்டார்.

பதினாறாம் நாள் தங்கை அவரைத் தேடி யார்டு கேட்டுக்கு வந்தார். கையில் அந்தத் தாளின் நகல். டாக்டர் தந்தாரோ, யார் தந்தாரோ. அழவில்லை. நான்கு தேதியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"அண்ணா, இந்த நாலு தடவையும் உன் போனுக்குத்தானே வந்துச்சு?"

மாடி ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"அவர் நெஞ்சு அடிச்சதுக்கு என்கிட்ட இருக்கிறது இந்த ஒரு தாள்தான். அதுலயும் உன் பேரை எழுதி வச்சுட்டியே."

தாளை நான்காக மடித்து மாடியின் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போனார். மாடி கேட்டிலேயே நின்றார். நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை.