கொத்தளத்துப் பீரங்கியும் பாய்ச்சல் விசையும்

ஆம்பூரில் என் நண்பனின் குடும்பத்துக்குக் காலணி ஏற்றுமதித் தொழில். 1986 கோடையில் அவன் அண்ணன் இங்கிலாந்துக்குப் போய்த் திரும்பியபோது ஒரு சிறிய கணினியைக் கொண்டுவந்தார். இரண்டு உள்ளங்கை அகலம், மேலே தட்டி எழுத ரப்பர் சாவிகள். அதைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்க வேண்டும். எழுதிய நிரலைப் பாட்டு கேட்கும் கேசட்டில்தான் சேமிக்க முடியும். அலுவலகக் கணக்குக்கு உதவும் என்று நினைத்து வாங்கியது. கணக்கருக்கு அதைத் தொடவே பயம். அதனால் அது மாதிரிச் செருப்புகள் அடுக்கிய அறையின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அங்கே என் நண்பன் அதை விட்டு நகரவில்லை.

நான் அப்போது ஆம்பூரில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியன். மாலையில் நேரே அந்த அறைக்குப் போய்விடுவேன். நிரல் எழுதுவது அவன், தாளில் கணக்குப் போடுவது நான். இப்படித்தான் எங்கள் கோட்டை விளையாட்டு உருவானது. திரையின் வலப்பக்கம் வேலூர்க் கோட்டை மாதிரி ஒரு மதில், வாசல், வாசலை ஒட்டி ஒரு கொத்தளம், அதன்மேல் பீரங்கி. இடது ஓரத்திலிருந்து குதிரைவீரன் கிளம்பி வாசலை அடைய வேண்டும். குதிரையை நடத்துவது விளையாடுபவர், பீரங்கியை நடத்துவது கணினி.

ஆகஸ்டில் ஒருநாள் அண்ணன் வந்து பார்த்தார். இளம் வயதில் ஏலகிரி அடிவாரத்தில் கௌதாரி சுட்டவர் என்று பேர். ஐந்து நிமிடம் குதிரையை ஓட்டினார். ஒரு குண்டும் அவரைத் தொடவில்லை.

"இன்னாடா இது? குண்டு போய்ச் சேர்றதுக்குள்ள குதிர வாணியம்பாடி தாண்டிடுது" என்றார். "கௌதாரி எங்க இருக்குதோ அங்கயா சுடுவான்? எங்க வரப்போவுதோ அங்க சுடணும். உன் பீரங்கிக்கு அந்தப் புத்திகூட இல்ல."

அறையில் இருந்த, தோல் வெட்டும் பிரிவின் வெட்டு மாஸ்டரும் கணக்கரும் சிரித்தார்கள். நண்பன் முகம் சுருங்கிப்போனது. அண்ணன் சிரிக்கவில்லை.

"அடுத்த வாரத்துக்கு அப்புறம் வர்ற வெள்ளிக்கெழம, தொழுகை முடிஞ்சு வர்றேன். நான் மூணு வாட்டி குதிர ஓட்டுவேன். ஒரு வாட்டியாச்சும் உன் பீரங்கி என்னைய அடிச்சா இந்தப் பொட்டி உன்னோடது. இல்லைன்னா பொட்டி அன்னைக்கே மெட்ராஸ் ஆபீஸுக்குப் போவுது, நீ சனிக்கெழம ஊறத் தொட்டி பக்கம் வந்து நில்லு. திருட்டு வேல கூடாது. குண்டு நேரா போவணும், கண்ணுக்குத் தெரியணும்."

தோலை ஊறவைத்துப் பதனிடும் ஊறல் தொட்டிப் பக்கம் போனவன் திரும்பி நிரல் எதையும் எழுதப்போவதில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவனுடைய மற்ற அண்ணன்மார் இருவர் அப்படித்தான் போனார்கள். காலை ஐந்து மணிக்குத் தோல் லாரி, இரவு எட்டு மணிக்குக் கூலி, நடுவில் வேறொன்றும் கிடையாது.

சிக்கல் என்னவென்று அன்றைக்கே புரிந்தது. எங்கள் பீரங்கி, குதிரை இந்தக் கணம் நிற்கும் இடத்தைக் குறிவைத்தது. குண்டு போய்ச் சேர நேரமாகும், அதற்குள் குதிரை நகர்ந்துவிடும். முதலில் எளிய வழியாகப் பார்த்தோம். தூரத்தைக் குண்டின் வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் குதிரை எவ்வளவு நகருமோ அவ்வளவு முன்னால் குறிவைத்தோம். குண்டு அருகில் போனது, ஆனால் படவில்லை. காரணம், முன்னால் தள்ளிய புள்ளிக்கான தூரம் வேறு, அதனால் நேரமும் வேறு.

இரண்டு நாள் கழித்து அதை வேறு மாதிரி எழுதினேன். ஏதோ ஒரு நேரத்துக்குப் பிறகு குண்டு பீரங்கியிலிருந்து கடந்திருக்கும் தூரமும், குதிரை வந்து நிற்கும் இடத்துக்கும் பீரங்கிக்கும் உள்ள தூரமும் சமமாக வேண்டும். அந்தச் சமத்தை விரித்தால் பத்தாம் வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதும் இருபடிச் சமன்பாடு வந்தது. அதன் விடைதான் நேரம். மைனஸில் வரும் விடையைத் தள்ளிவிட வேண்டும், அது 'முன்பே சுட்டிருக்க வேண்டும்' என்று சொல்லும் விடை. மிச்சமிருப்பதில் சிறியதை எடுத்து, குதிரை அப்போது இருக்கப்போகும் இடத்தைக் குறிவைத்தால் போதும்.

அன்று மாலை நான் குதிரையை ஒரே சீராக ஓட்டினேன். முதல் குண்டே பட்டது. நண்பன் என் முதுகில் அறைந்தான்.

"வாத்தியாரே, ஊறத் தொட்டிக்கு நீ போ. நான் போவல."

போட்டிக்கு முந்தின நாள், வியாழக்கிழமை மாலை அவனுக்கு ஒரு யோசனை. அண்ணன் கோபமில்லாமல் விளையாட வேண்டும், அதனால் குதிரைக்கு ஒரு பாய்ச்சல் விசை வைக்கலாம் என்றான். அந்தச் சாவியை அழுத்தினால் வேகம் இரட்டிப்பாகும். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று குண்டை ஏற்கெனவே மெதுவாக வைத்திருந்தோம். பாயும் குதிரை குண்டைவிட வேகமாகப் போகும் என்பதை இருவருமே யோசிக்கவில்லை. சாவி வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்தோம். வாசலை நோக்கிப் பாய்ந்தது, சரியாக இருந்தது, கேசட்டில் சேமித்துவிட்டுப் போனோம்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அண்ணன் வந்தார். வாசலில் கார் நின்றது. டிரைவர் கணினி வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளேயே வந்து, கதவோரம் வைத்துவிட்டு நின்றார். வெட்டு மாஸ்டரும் கணக்கரும் ஸ்டூலில் இடம் பிடித்துக்கொண்டார்கள்.

முதல் ஓட்டம். அண்ணன் நிதானமாகக் கிளம்பினார். கொத்தளத்தில் வெளிச்சம் மின்னியது, குண்டு குதிரைக்கு முன்னால் போனது. அவர் உடனே திருப்பினார். குண்டு வெறும் இடத்தில் போய் மறைந்தது. மறுபடி மின்னியது, மறுபடி திருப்பினார். இரண்டாவது குண்டிலேயே அவர் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டது எனக்குப் புரிந்தது. பீரங்கி சுடும் கணத்தில் அவர் எந்தத் திசையில், எந்த வேகத்தில் போகிறாரோ அப்படியே கடைசிவரை போவார் என்று நம்புகிறது. வெளிச்சத்தைப் பார்த்ததும் மனம் மாற்றிக்கொண்டால் அந்த நம்பிக்கை பொய்யாகிவிடும். ஒரு குண்டு மறையும்வரை பீரங்கி அடுத்ததைச் சுடாது; அந்த இடைவெளிகளில் திருப்பித் திருப்பி வாசலுக்குள் நுழைந்துவிட்டார்.

"ஒண்ணு" என்றார் கணக்கர்.

"பாய்ஜான், நீங்க வெளிச்சத்தப் பாத்துத் திருப்புறீங்க" என்றான் நண்பன்.

"கௌதாரிக்குக் காது இருக்குது, எனக்குக் கண்ணு இருக்குது. ஏன், கண்ணக் கட்டிக்கவா?"

இரண்டாவது ஓட்டம். இம்முறை அவர் பாய்ச்சல் சாவியைக் கண்டுகொண்டார். கோட்டைக்கு எதிரே, மேலிருந்து கீழாகக் குறுக்கே குதிரையைப் பாயவிட்டார். திரை அப்படியே நின்றது. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுந்தது, செல்லாத மதிப்பு என்று. விளையாட்டு செத்துவிட்டது.

நான் கணக்குத் தாளை எடுத்துப் பார்த்தேன்.

"ரெண்டு" என்றார் கணக்கர், மெதுவாக. "பொட்டியே நின்னுடுச்சு, இனி இன்னா ஓட்டம்?"

டிரைவர் அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்தார். நண்பன் சாவிப்பலகையை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"இன்னா சொல்லுது அது?" என்றார் அண்ணன் என்னைப் பார்த்து.

"பாய், குதிர குண்டவிட வேகமா குறுக்கால போவுது" என்றேன். "எந்த நேரத்துக்குச் சுட்டாலும் குண்டு அதப் போய்ப் பிடிக்காது. அப்ப கணக்குல, வர்க்கமூலத்துக்குள்ள மைனஸ் வந்துடுது. அதுக்கு விடையே கெடையாது. விடை இல்லாததக் கேட்டதால நின்னுடுச்சு."

"அப்ப அடிக்க முடியாதுன்னு அதுக்கு முன்னாடியே தெரியுது?"

"தெரியுது."

"தெரிஞ்சா சும்மா இருக்க வேண்டியதுதான? எதுக்குச் செத்துப்போவுது? எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான் இருக்கானுங்க." கணக்கர் கூரையைப் பார்த்தார்.

நண்பன் தலை நிமிர்ந்தான். என்னைப் பார்த்தான். எனக்கும் அதே கணத்தில்தான் உறைத்தது.

"பாய்ஜான், ஒரு டீ குடிங்க. ஒரு வரி மாத்திக்கிறேன்."

"மாத்து. மூணாவது மூணாவதுதான்."

அவன் தட்டத் தொடங்கினான். வர்க்கமூலம் எடுக்கும் முன், உள்ளே இருப்பது மைனஸா என்று பார்த்து, மைனஸானால் சுடாதே. அப்புறம் நான் காதில் சொன்ன இரண்டாவது நிபந்தனை: விடை கிடைத்தாலும், குண்டு போய்ச் சேரும் நேரம் ஒரு அளவுக்கு மேல் இருந்தால் அப்போதும் சுடாதே. பாதி தட்டும்போது ஊறல் பக்கம் மோட்டார் போட்டார்கள். திரையில் படம் நாலு பக்கமும் சுருங்கி நடுங்கியது. மின்சாரம் ஒரு நொடி போனாலும் எல்லாம் அழிந்துவிடும், கேசட்டிலிருந்து ஏற்றினால் பழைய நிரல்தான் வரும். அவன் கேசட்டை எடுக்கவே இல்லை. ரப்பர் சாவியின் மெத்தென்ற ஓசை மட்டும் கேட்டது. படம் மறுபடி விரிந்தது.

மூன்றாவது ஓட்டம்.

அண்ணன் கிளம்பினார், கண் கொத்தளத்தின் மேல். பீரங்கி சுடவில்லை. இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தார், சுடவில்லை. குறுக்கே பாயவிட்டார், திரை நிற்கவில்லை, பீரங்கியும் சுடவில்லை. முகத்தில் ஒரு சலனம் தெரிந்தது. முன்பு வெளிச்சம் வந்தது, அவர் அதற்குப் பதில் சொன்னார். இப்போது பதில் சொல்ல ஒன்றும் இல்லை.

"தூங்குதா?" என்றார் வெட்டு மாஸ்டர்.

"தூங்கல" என்றார் அண்ணன். பல்லைக் கடித்தபடி சொன்னார். "காத்துக்கினு இருக்குது."

தூரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கலாம், வாசலை அடைய முடியாது. வாசல் கொத்தளத்தின் காலடியில் இருந்தது. கொஞ்சம் நெருங்கினார், பின்வாங்கினார். மறுபடி நெருங்கினார். டிரைவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூல்களின் பின்னால் வந்து நின்றிருந்தார்.

அண்ணன் சட்டென்று பாய்ச்சல் சாவியை அழுத்தி வாசலை நோக்கி நேரே விட்டார்.

கொத்தளம் மின்னியது. அவர் கை திருப்பத்தான் செய்தது. ஆனால் குண்டு கடக்க வேண்டிய தூரம் இப்போது விரலளவுதான். குதிரையும் அதை நோக்கியே ஓடிவந்தது. அவர் மனம் மாற்றிக்கொள்ள நேரம் மிச்சமில்லை. வாசலுக்கு முன்னால் குதிரை சிறு சிறு கட்டங்களாகச் சிதறியது.

வெட்டு மாஸ்டர் தொடையில் தட்டினார். நண்பன் இரண்டு கையையும் மேசையில் ஊன்றி, திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கன்னம் நனைந்திருந்தது.

அண்ணன் அந்தச் சிதறலைப் பார்த்தார். "கிட்ட வர வெச்சு அடிச்சுது" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொண்டார்.

"இன்னொரு வாட்டி போடு."

டிரைவர் தொண்டையைக் கனைத்தார். "பாய், மெட்ராஸுக்கு லேட்டாவுது. பொட்டியக் கட்டிடலாமா?"

அண்ணன் திரும்பவில்லை. விரல் ஏற்கெனவே சாவியின் மேல் இருந்தது.

"அந்த அட்டப் பொட்டில செருப்பு சாம்பிள வெச்சு எடுத்துக்கினு போ" என்றார்.